சுண்ணாம்பு சுவத்துல கீழ மூணடி சிமெண்ட் பூசுனோம், இப்ப ஓதம் அஞ்சடிக்கு ஏறிடுச்சு

திண்ணைவீடு — 9 டிசம்பர் 2023

சேலம் செவ்வாய்ப்பேட்டைல எங்க தாத்தா கட்டுன வீடு. ஒன்றரை அடி செங்கல் சுவரு, உள்ள கட்டுமானமும் சுண்ணாம்புதான், பூச்சும் சுண்ணாம்புதான். முன்ரூம்ல தெக்குச் சுவரு கீழ காரை உதிர்ந்துட்டே இருந்துச்சுன்னு 2019ல ஒருத்தரை வெச்சு தரைலருந்து மூணடிக்கு பழசைக் கொத்திட்டு சிமெண்ட் பூசுனோம். ஒண்ணுக்கு நாலு கலவை, அதுல வாட்டர்ப்ரூஃப் லிக்விட் வேற கலந்தாரு. மேல எமல்ஷன் அடிச்சாச்சு. ரெண்டு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

இப்ப என்னன்னா, சிமெண்ட் பூசுன மூணடி அப்படியேதான் இருக்கு, அதுக்கு மேல நாலடி அஞ்சடில நல்லா இருந்த பழைய காரை ஊதிக்கிட்டு, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வந்து, தொட்டா வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பு கைல வருது. போன வருஷம் வரைக்கும் அந்த உயரத்துல ஈரமே கிடையாது. என் சந்தேகம், கீழ அடைச்சதாலதான் தண்ணி மேல ஏறிடுச்சோன்னு. வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, "அப்ப அஞ்சடிக்கும் சிமெண்ட் பூசிடலாம்"ங்கறாங்க. யாராச்சும் இதைப் பாத்திருக்கீங்களா?

சைட்டுக்காரன் — 9 டிசம்பர் 2023

மேடம் நான் சிவில், பத்து வருஷமா சைட்ல இருக்கேன். தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்காம பூச்சை மாத்தி பிரயோஜனம் இல்ல. வெளிய தரை மட்டம் எவ்வளவு உசரம் இருக்கு? பாத்ரூம் பைப் பக்கத்துல போகுதா? அதை முதல்ல பாருங்க. அப்புறம் பூச்சுக்கு சிமெண்ட் ஒண்ணு சுண்ணாம்பு ஒண்ணு மணல் ஆறு போட்டுக்குங்க, சிமெண்டோட பலமும் வரும் சுண்ணாம்போட மூச்சும் வரும். தனி சுண்ணாம்பெல்லாம் இப்ப யாரு பண்றாங்க.

வெள்ளைக்கல் — 10 டிசம்பர் 2023

எங்க அபார்ட்மெண்ட்லயும் இதே பிரச்சனைங்க, மூணாவது மாடி, பெட்ரூம் சுவத்துல பெயிண்ட் உரியுது. பக்கத்து பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல லீக்குன்னு சொன்னாங்க. நீங்க சுண்ணாம்பு தேடறதா இருந்தா நம்ம ஊர்லயே வெள்ளைக்கல் குவாரி இருக்கே, ஏற்காடு அடிவாரம் போற வழில பூரா வெள்ளையா கிடக்கும், அந்தப் பொடியை வாங்கி அடிச்சா நல்ல வெள்ளை கிடைக்கும். பேரே இங்கிலீஷ்ல சுண்ணாம்பு மலைன்னுதான சொல்வாங்க?

கரண்டிக்காரர் — 10 டிசம்பர் 2023

தம்பி, அது சுண்ணாம்பு இல்ல, மேக்னசைட். பாக்க சாக்பீஸ் மாதிரி இருக்கேன்னு வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ்னு பேரு வெச்சான். உலைக்குள்ள வெக்கற செங்கல்லு பண்ணத்தான் அது போகுது. அதைச் சுட்டு தண்ணில போட்டா நம்ம சுண்ணாம்பு மாதிரி கொதிச்சு வெண்ணெயா வராது. சந்தேகம்னா ரெண்டு கல்லையும் எடுத்து மேல கொஞ்சம் ஆசிட் விட்டுப் பாருங்க, சுண்ணாம்புக்கல்லு புஸ்ஸுனு நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த ஆசிட்ல பேருக்குத்தான் நுரைக்கும். பூச்சுக்கு வேணும்னா சங்ககிரி பக்கம் கிடைக்கற மாதிரி சுண்ணாம்புக்கல்லு, காளவாய்ல சுட்டது. உங்க மூணாவது மாடி கேஸும் இது இல்ல, உங்களுக்கு மேலருந்தோ பக்கத்துலருந்தோ தண்ணி வருது, இந்தம்மாவுக்கு பூமிலருந்து ஏறுது.

திண்ணைவீடு அம்மா, நீங்க நெனச்சது சரிதான். எங்கப்பா காலத்துலருந்து நாங்க கொத்து வேலை, கோயில் வேலையும் பண்ணிருக்கேன், எஸ்டேட் பங்களா வேலையும் பண்ணிருக்கேன். பழைய சுவத்துக்கு அடில தடுப்பு கிடையாது. செங்கல்லு திரி மாதிரி, விளக்குல எண்ணெய் ஏறுதே அப்படித்தான் தண்ணி ஏறும். ஏறுன தண்ணி காரை வழியா காத்துல போயிரும். ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறுதோ அவ்வளவு வெளிய போனா ஒரு உசரத்துல நின்னுக்கும், உங்க வீட்டுல அது கீழ ரெண்டடிக்குள்ள நின்னிருக்கும். அந்த இடத்தை சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டீங்க. போற வழி இல்லாம அது ஏறிக்கிட்டே போயி, எங்க சுண்ணாம்பு திறந்திருக்கோ அங்க வந்து வெளிய போகுது. அஞ்சடிக்குப் பூசுனா ஏழடில வந்து நிக்கும்.

திண்ணைவீடு — 12 டிசம்பர் 2023

சைட்டுக்காரன் சார் கேட்டதைப் பாத்தேன். பின்னாடி முத்தத்துல அம்மா காலத்துல மண் தரை, இப்ப பூரா காங்கிரீட், சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கு, உள் தரையை விட நாலு இஞ்ச் உசரமா வேற இருக்கு. முன்ரூம்ல 2017ல பழைய சிவப்புத் தரை மேலயே டைல்ஸ் ஒட்டுனோம். பாத்திரம் கழுவற தொட்டித் தண்ணி போற பைப்பு சரியா அந்தத் தெக்குச் சுவத்து ஓரமாத்தான் போகுது.

இன்னொண்ணு பண்ணேன், சுத்தியல் பின்னாடியால தட்டிப் பாத்தேன். சிமெண்ட் பாகம் பாதி இடத்துல டொப்பு டொப்புன்னு சத்தம், உள்ள பிடிப்பே இல்ல. வெளியருந்து பாத்தா இப்பவும் கண்ணாடிதான்.

சைட்டுக்காரன் — 12 டிசம்பர் 2023

டைல்ஸும் காரணம். பழைய தரை வழியா போயிட்டிருந்த ஈரமும் இப்ப சுவத்துக்குத்தான் வரும். மாய்ஸ்சர் மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுப் பாருங்க, ஆன்லைன்ல கிடைக்கும்.

கரண்டிக்காரர் — 13 டிசம்பர் 2023

மீட்டர் உப்பு இருக்கற சுவத்துல பொய் சொல்லும். உப்பும் கரண்டைக் கடத்தும், காஞ்ச சுவத்தைக்கூட நனைஞ்சதுன்னு காட்டும். ஓட்டை போட்டு பொடியை எடுத்து எடை போட்டுப் பாக்கறதுதான் நம்பகமானது.

திண்ணைவீடு — 17 டிசம்பர் 2023

எடை போட்டாச்சு. பக்கத்து வீட்டுல கொலுசுப் பட்டறை, அந்த அண்ணன்கிட்ட வெள்ளி நிறுக்கற தராசை ஒரு ஞாயித்துக்கிழமை கடன் வாங்குனேன், கிராம்ல ரெண்டு புள்ளி வரைக்கும் காட்டும். ஒரு அடி, மூணடி, அஞ்சடி, ஏழடின்னு நாலு உசரத்துல துளை போட்டேன். மேல் ரெண்டு இஞ்ச் பொடியைத் தள்ளிட்டு உள்ள இருந்து வர்ற செங்கல் பொடியை மட்டும் மூடி போட்ட டப்பால பிடிச்சேன். டிரில்லு வேகமா ஓடுனா சூட்டுலயே ஈரம் போயிடும்னு கரண்டிக்காரர் ஐயா தனியா சொன்னாரு, அதனால மெதுவா விட்டு விட்டு. ஒவ்வொண்ணுலயும் 10 கிராம் எடுத்து என் பொண்ணு கேக் சுடற அவன்ல 105 டிகிரில ராத்திரி பூரா வெச்சு திரும்ப எடை போட்டோம்.

ஒரு அடி பொடி 8.62 கிராம் ஆச்சு. மூணடி 8.77. அஞ்சடி 9.01. ஏழடி 9.71. அதாவது ஒரு அடில 13.8 சதவீதம் தண்ணி, அஞ்சடில கிட்டத்தட்ட 10. சிமெண்டுக்குப் பின்னாடி இருக்கற செங்கல்லுதான் எல்லாத்தையும் விட ஈரம், வெளிய காஞ்ச மாதிரி தெரியறது அந்த இடம்தான். வீட்டுல இந்த நம்பரைக் காட்டுன பிறகுதான் அஞ்சடி சிமெண்ட் பேச்சு நின்னுச்சு.

சைட்டுக்காரன் — 17 டிசம்பர் 2023

சூப்பர் வேலை. ஒரு திருத்தம், காஞ்ச எடையாலதான் வகுக்கணும், ஈர எடையால இல்ல. அப்படிப் பாத்தா ஒரு அடில 16, மூணடில 14, அஞ்சடில 11, ஏழடில 3. இது நிஜமாவே பூமி ஈரம்தான், கீழ அதிகம் மேல போகப்போகக் கம்மி. மழைத்தண்ணி சுவத்துல இறங்குனா இப்படி வரிசையா வராது.

ஏற்காடு_மிளகு — 19 டிசம்பர் 2023

எனக்கும் ஒரு கேஸ் இருக்கு. ஏற்காட்டுல எங்களுக்கு பழைய கல்லு வீடு, வெளிப்பக்கம் பூச்சே கிடையாது, கருங்கல்லு அப்படியே தெரியும். நாலு வருஷம் முன்னாடி கல்லு இடுக்கெல்லாம் சிமெண்ட் வெச்சு பட்டையா பாயிண்டிங் பண்ணோம், பாக்க நல்லா இருந்துச்சு. இப்ப உள்பக்கம் சுவரு அழுவுது, அலமாரித் துணி பூரா பூஞ்சை. தரைலருந்துன்னும் சொல்ல முடியல, நடுச் சுவத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் கொத்தி எடுக்கணுமா?

கரண்டிக்காரர் — 20 டிசம்பர் 2023

ஏற்காட்டு தம்பி, உங்க கல்லு சார்னகைட்டு, அது தண்ணி குடிக்காது, மூச்சும் விடாது. அந்தச் சுவத்துல மூச்சு விடறது இடுக்கு மட்டும்தான், அந்த இடுக்கைத்தான் நீங்க மூடிட்டீங்க. கல்லு மேல பட்டையா நீட்டிக்கிட்டு இருக்கற பாயிண்டிங்ல மேல் விளிம்புல மழைத்தண்ணி தேங்கும், கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவுல மயிரிழை விடும், சாரல் அடிச்சா அது வழியா உள்ள போகும், உள்ள மண் சாந்தா இருந்தா குடிச்சுக்கும், திரும்பி வர வழி இல்ல. வெளிய அடைச்சதால உள்பக்கமா வருது.

ஆனா உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கு, பனி. ஏற்காட்டுக் குளிர்ல கல்லுச் சுவரு ஜில்லுனு இருக்கும், ரூம்ல அடுப்பு ஹீட்டரு வெந்நீரு, அந்த ஆவி சுவத்துல போய் நீராகும். அது எந்தப் பக்கம்னு பாக்க ஒரு சாண் அலுமினிய ஃபாயிலை சுவத்துல நாலு ஓரமும் டேப் போட்டு ரெண்டு நாளு ஒட்டி வைங்க. ரூம் பக்கம் நீர் முத்து கோத்தா பனி ஈரம். சுவத்துப் பக்கம் கோத்தா சுவத்துக்குள்ள இருக்கு. பாத்துட்டு சொல்லுங்க, அதுக்கு முன்னாடி உளியைத் தொடாதீங்க.

திண்ணைவீடு — 28 ஜனவரி 2024

பொங்கல் கழிச்சு வேலை ஆரம்பிச்சாச்சு. முதல்ல தண்ணி. பாத்திரத் தொட்டி பைப்பு ஒரு ஜாயிண்ட்ல விட்டுப் போயிருந்துச்சு, தோண்டுனா மண்ணு சேறு மாதிரி, எத்தனை வருஷமோ. புது பைப்பு வெச்சு சுவத்தை விட்டுத் தள்ளிக் கொண்டு போனோம். முத்தத்து காங்கிரீட்டை சுவத்தோரமா ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, உள் தரை மட்டத்துக்குக் கீழ அரை அடி வர்ற மாதிரி மண்ணை இறக்கிட்டு ஜல்லி போட்டோம். அதுக்கு மேல தோண்ட வேண்டாம், அஸ்திவாரத்தைச் சுத்தி மண்ணை இளக்கக்கூடாதுன்னு ஐயா கண்டிப்பா சொல்லிட்டாரு.

அப்புறம் சிமெண்ட். பிரேக்கர் மெஷின் வேண்டாம்னு சொல்லிட்டேன். சின்ன உளி, சுவத்துக்கு கிட்டத்தட்ட படுத்த மாதிரி பிடிச்சு, டொப்பு சத்தம் வர்ற இடத்துல ஆரம்பிச்சு ஓரமா நெம்பறது. டொப்பு இடம் எல்லாம் பலகை பலகையா வந்துச்சு. ஒரு பலகையைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி செங்கல்லோட மேல் தோலு அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, தோலுக்கும் சிமெண்டுக்கும் நடுவுல வெள்ளையா ஊசி ஊசியா உப்பு, தலைமுடி மாதிரி மெல்லிசா, மூச்சு விட்டா அசையுது. அந்த ஊசிதான் வளர்ந்து வளர்ந்து பலகையைத் தள்ளியிருக்கு. பின்னாடி இருந்த செங்கல்லு விரலால கீறுனா மாவு மாதிரி வருது. எண்பது வருஷம் காரை மட்டும் உதிர்ந்துச்சு, செங்கல்லு நின்னுச்சு. இந்த நாலு வருஷத்துல செங்கல்லே போயிடுச்சு. அதைப் பாத்து எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

மாடிப்படிக்கு அடில ஒரு மூணடிக்கு மூணடி இடத்துல சிமெண்ட் நல்லாப் பிடிச்சிருக்கு, நெம்புனா செங்கல்லு பாதியா உடைஞ்சு வருது. அதை என்ன பண்றதுன்னு தெரியல, விட்டு வெச்சிருக்கேன்.

கரண்டிக்காரர் — 29 ஜனவரி 2024

விட்டுருங்க. படிக்கட்டு பாரம் அந்தச் சுவத்துல இருக்கு, அங்க செங்கல்லை உடைச்சா காரை பிரச்சனை கட்டட பிரச்சனை ஆயிடும். பிடிச்சிருக்கற சிமெண்ட் உதிர்ந்து வர்றப்ப எடுத்துக்கலாம்.

உப்பைக் கழுவாதீங்கம்மா. எல்லாரும் ஹோஸ் போட்டு அடிப்பாங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். காஞ்ச தொடப்பத்தால கூட்டி, முறத்துல வாரி, வீட்டுக்கு வெளிய கொண்டு போய்க் கொட்டுங்க. சுவத்தடில கொட்டுனா அடுத்த மழைக்கு அதே சுவத்துல ஏறிடும். வாரம் ஒருக்கா கூட்டுங்க, சித்திரை வரைக்கும் சுவரு திறந்தே கிடக்கட்டும்.

சைட்டுக்காரன் — 29 ஜனவரி 2024

ஒரு இஞ்ச் சுவரு காய ஒரு மாசம்னு கணக்கு சொல்வாங்க. பதினெட்டு இஞ்ச் சுவரு, ரெண்டு பக்கமும் காத்து இருந்தாக்கூட ஒம்பது மாசம். சித்திரைக்கு முழுசா காயாது. ஆனா சுண்ணாம்புக்கு முழுசா காய வேண்டியதில்ல, அது சரி.

திண்ணைவீடு — 11 பிப்ரவரி 2024

சுண்ணாம்பு கதை. முதல்ல கடைல மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்குனேன். ஐயா சொன்ன மாதிரி ஒரு ஸ்பூன் எடுத்து தண்ணில கரைச்சு மேல வினிகர் விட்டேன், சோடா மாதிரி பொங்குச்சு. அப்படின்னா அது மூட்டைக்குள்ளயே காத்து பிடிச்சு திரும்ப கல்லாயிடுச்சு, பூச்சுக்கு வெறும் மணல் மாதிரிதான் கிடக்கும், பிடிக்காது. புதுச் சுண்ணாம்புன்னா நுரைக்கறது ரொம்பக் கம்மி.

அப்புறம் காளவாய்ல சுட்ட கல்லாவே வாங்கிட்டு வந்து வீட்டுல நீத்துனோம். பழைய இரும்பு பேரல்ல பாதி தண்ணி ஊத்திட்டு கல்லை ஒவ்வொண்ணா போட்டோம். தண்ணிலதான் கல்லைப் போடணும், கல்லு மேல தண்ணி ஊத்தவே கூடாது, வெடிச்சு முகத்துக்கு வரும். கண்ணாடியும் கிளவுஸும் போட்டுத்தான் பண்ணோம். அஞ்சு நிமிஷத்துல பேரல் கொதிக்க ஆரம்பிச்சுடுச்சு, பிளாஸ்டிக் டிரம்மா இருந்தா உருகியே போயிருக்கும். ரெண்டு நாள் கழிச்சு சல்லடைல வடிச்சு, மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கற மாதிரி மூடி வெச்சாச்சு.

சைட்டுக்காரன் — 12 பிப்ரவரி 2024

இவ்வளவு கஷ்டப்படறதுக்கு பதிலா நான் சொன்ன மாதிரி அதுல கொஞ்சம் சிமெண்ட் போட்டா வேலை சீக்கிரம் முடியும். பத்துல ஒரு பங்கு போட்டாக்கூடப் போதும்.

கரண்டிக்காரர் — 12 பிப்ரவரி 2024

சார், அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. நான் அப்படிக் கலந்து ஏமாந்திருக்கேன். சிமெண்ட் கொஞ்சமா இருந்தா பிடிக்கற மாதிரி பிடிக்கும், சுண்ணாம்பைத் தன் வேலையச் செய்ய விடாது, தானும் முழுசா சேராது. ரெண்டு வருஷத்துல பொலபொலன்னு வரும். ஒண்ணு ஒண்ணு ஆறு புதுக் கட்டடத்துக்கு நல்ல கலவை, நான் குறை சொல்லல. எண்பது வருஷ செங்கல்லுக்கு அது ரொம்ப கெட்டி, சிமெண்டுல இருக்கற உப்பும் கூட சேரும். சீக்கிரம் இறுகணும்னா செங்கல் பொடி போடுங்க, ஈரத்துலயும் இறுகும், மூச்சையும் அடைக்காது. ஆனா நல்லா வெந்த சூளைக் கல்லை இடிச்சா பிரயோஜனம் இல்ல. சூளை ஓரத்துல அரைவேக்காடா, ஆரஞ்சு நிறத்துல கிடக்கும் பாருங்க, அதை இடிச்சு மாவா சலிச்சது.

சைட்டுக்காரன் — 13 பிப்ரவரி 2024

நீங்க சொன்னதைத் தேடிப் பாத்தேன் அண்ணா. இங்கிலாந்துல 1990கள்ல ஸ்மீட்டன் ப்ராஜெக்ட்னு ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, கிட்டத்தட்ட இதையேதான் சொல்றாங்க, சிமெண்ட் கொஞ்சமா கலந்தா கெடுதல், குறைஞ்ச சூட்டுல வெந்த செங்கல் பொடி நல்லதுன்னு. பத்துல ஒண்ணுன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். மணல் எம்சாண்டா இருந்தா தூசி நிறைய இருக்கும், கழுவிட்டுப் போடுங்க, இல்லன்னா வெடிக்கும்.

திண்ணைவீடு — 27 ஏப்ரல் 2024

திரும்ப எடை போட்டேன். ஒரு அடில 16 இருந்தது 12 ஆயிருக்கு. அஞ்சடில 11லருந்து 5. சிமெண்டை எடுத்துட்டு வெறுமனே திறந்து விட்டதுக்கே அஞ்சடில பாதிக்கு மேல இறங்கிடுச்சு.

ஆனா நான் ஒரு அவசரம் பண்ணிட்டேன். சித்திரை வெயில்ல பூச வேண்டாம்னு ஐயா சொல்லியும், வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு ஜன்னலுக்கு அடில ஒரு ரெண்டடிக்குப் பூசிப் பாத்தோம். காலைல பூசுனது மதியமே வெளுத்துப் போச்சு. பத்து நாள் கழிச்சு உள்ளங்கையால தேச்சா மாவு மாவா கைல ஒட்டுது, நகத்தால கீறுனா கோடு விழுது. என்ன ஆச்சுன்னு புரியல, கலவை சரியாத்தான் போட்டோம்.

கரண்டிக்காரர் — 28 ஏப்ரல் 2024

கலவை தப்பில்ல, காஞ்சதுதான் தப்பு. சுண்ணாம்பு காயறது வேற, இறுகறது வேற. அது காத்துலருந்து கரியமில வாயுவை எடுத்துத் திரும்ப கல்லாகணும், அதுக்கு லேசா ஈரம் இருக்கணும். நாப்பது டிகிரில ஈரம் அரை நாள்ல ஓடிடுச்சு, வேலை பாதில நின்னுடுச்சு. அதே மாதிரி எப்பப் பாத்தாலும் சொட்டச் சொட்ட நனைச்சு வெச்சாலும் காத்து உள்ள போகாது, அப்பவும் இறுகாது. நனைச்சுக் கோணி போட்டு, ஆற விட்டு, திரும்ப லேசா தெளிச்சு, அப்படி.

உள்ள இறுகிருக்கான்னு பாக்க மஞ்சத்தூளைத் தண்ணில கரைச்சு உடைச்ச பக்கத்துல ஒரு சொட்டு வைங்க. ஆரத்தி மாதிரி செக்கச் செவேல்னு ஆனா இன்னும் பச்சைச் சுண்ணாம்பு, கல்லாகல. மஞ்சளாவே நின்னா ஆயிடுச்சு.

திண்ணைவீடு — 28 ஏப்ரல் 2024

வெச்சேன் ஐயா. பத்து நாள் பூச்சு, மேல் தோலு மட்டும் மஞ்சள், உள்ள பூரா குங்குமம். கொத்தி எடுத்துட்டேன். ஆவணிக்குத்தான் இனிமே.

வெள்ளைக்கல் — 2 மே 2024

மஞ்சத்தூள் டெஸ்ட் எங்க ஃப்ளாட் சுவத்துல பண்ணேன், சிவப்பா ஆகலைங்க, அப்ப நல்லதுதான?

சைட்டுக்காரன் — 2 மே 2024

சார் உங்களுது சிமெண்ட் பூச்சு, மேல புட்டியும் பெயிண்டும் இருக்கு, இந்த டெஸ்ட்டு அதுக்கு இல்ல. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கைப் பாருங்க. அதோட இந்த மஞ்சள் சோதனை தோராயம்தான், லேசா சிவந்தா ரெண்டு பக்கமும் அர்த்தம் எடுத்துக்கலாம். நல்ல சிவப்புன்னா மட்டும் நம்புங்க.

திண்ணைவீடு — 22 செப்டம்பர் 2024

ரொம்ப நாள் ஆச்சு இந்தப் பக்கம் வந்து. ஆவணில பண்ணி முடிச்சோம், எப்படின்னு எழுதிடறேன், பின்னாடி யாராச்சும் தேடுவாங்க.

தோலு போன செங்கல்லுக்கு எல்லாம் பழைய ஓட்டுத் துண்டை சுண்ணாம்புச் சாந்துல பதிச்சு மட்டம் பண்ணோம், அதை ஒரு வாரம் ஆற விட்டோம். பூச்சுக்கு ஆறு மாசம் ஊறுன சுண்ணாம்பு ரெண்டு பாண்டு, கழுவுன மணல் அஞ்சு பாண்டு, செங்கல் பொடி ஒரு பாண்டு. தண்ணி தனியா ஊத்தவே இல்ல, சுண்ணாம்புல இருக்கற ஈரமே போதும், அடிச்சு அடிச்சுக் கலக்கக் கலக்க இளகி வருது. வேலைக்கு வந்த பசங்க முதல்ல தண்ணி ஊத்தப் போனாங்க, அதைத் தடுக்கறதுதான் எனக்கு அன்னைக்கு பூரா வேலை. முந்தின நாள் சாயங்காலமும் காலைலயும் சுவத்தை நனைச்சோம். முதல் கை அரை இஞ்ச், கெட்டியா வர்றப்ப ஆணியால குறுக்கும் நெடுக்கும் கீறி விட்டோம். நனைச்ச கோணி ஒரு வாரம் தொங்குச்சு. ரெண்டு மூணு எடத்துல மயிரிழை வெடிப்பு வந்துச்சு, ஈரமா இருக்கறப்பவே கட்டையால அழுத்தித் தேச்சோம், மூடிக்கிச்சு. பன்னெண்டு நாள் கழிச்சு ரெண்டாவது கை, அதை விட மெல்லிசா.

கடுக்காய் வெல்லத் தண்ணி சேக்கறதைப் பத்தி எங்க தெருவுலயே ரெண்டு கட்சி. ஒரு பெரியவர் கடுக்காய் இல்லாம அது காரையே இல்லங்கறாரு.

கரண்டிக்காரர் — 23 செப்டம்பர் 2024

கடுக்காய் போட்டா கலவை வழுவழுன்னு வேலைக்கு நல்லா இருக்கும், வெடிப்பு கம்மி. நான் மேல் கைக்குப் போடுவேன். ஆனா கீழ மூணடில ஈரம் உள்ள சுவத்துல வெல்லம் சேத்தா இறுகறது தாமதமாகுது, எறும்பும் வருதுங்கறது என் அனுபவம். வேற ஊர்க் கொத்தனாருங்க இதை ஒத்துக்க மாட்டாங்க. அவங்க பண்ணதும் நிக்குது, நான் பண்ணதும் நிக்குது.

பெயிண்ட் மட்டும் அடிச்சுடாதீங்க. இவ்வளவும் பண்ணிட்டு மேல புட்டியும் எமல்ஷனும் போட்டா பழைய கதைதான். தண்ணியா கரைச்ச சுண்ணாம்பு, பால் பதத்துல, நாலஞ்சு கை.

ஏற்காடு_மிளகு — 5 அக்டோபர் 2024

மன்னிக்கணும், ஃபாயில் ரிசல்ட்டு இப்பத்தான் எழுதறேன். வடக்கு ரூம்ல ரூம் பக்கம் நீர் கோத்துச்சு. மேற்கு ரூம்ல ரெண்டு பக்கமும். மேற்குப் பக்கம் மட்டும் பிப்ரவரில பாயிண்டிங்கை ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு எடுத்துட்டு சுண்ணாம்புல, கல்லு முகத்துக்கு உள்ளடங்கி இருக்கற மாதிரி பண்ணோம். எங்க ஊர்ல இறுக ரொம்ப நாள் எடுத்துச்சு, ஒரு மாசம் பாலிதீன் கட்டிப் பாதுகாத்தோம். வடக்கு ரூம்ல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சதோட சரி.

ஏற்காடு_மிளகு — 8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழைல ரோட்டுல மண்ணு சரிஞ்சு நாங்க கீழயே இறங்க முடியல. அந்த மழைலயும் மேற்கு ரூம் உள்பக்கம் அழுவல. ஆனா மூலைல ஒரு கோடு ஈரம் இருக்கு, அது கூரைலருந்தா இடுக்குலருந்தான்னு இன்னும் பிடிபடல. வடக்கு ரூம் ஃபேன் போட்டா காயுது, கரண்டு போனா திரும்ப வருது.

திண்ணைவீடு — 15 டிசம்பர் 2024

அதே மழைக்கு அப்புறம் எங்க வீட்டுலயும் எடை போட்டேன், அதே தராசு. ஒரு அடில 8. மூணடில 5. அஞ்சடில 3. ஏழடில 2. கீழ ஒரு அடிக்குள்ள புதுப் பூச்சு மேல லேசா வெள்ளை உப்பு பூத்திருக்கு, தொட்டா பொடியா உதிருது, பூச்சு கெட்டியாத்தான் இருக்கு. மாடிப்படிக்கு அடில விட்டு வெச்ச சிமெண்டைச் சுத்தி அரை அடிக்கு மட்டும் ஈரம் வட்டமாத் தெரியுது, அந்த இடம் மட்டும்தான் கவலையா இருக்கு. அது உப்பு பூக்கறதுக்கு ஏதாச்சும் பண்ணணுமா ஐயா?

கரண்டிக்காரர் — 15 டிசம்பர் 2024

செங்கல்லுல இருந்த உப்பு வெளிய வருதும்மா, வரட்டும். ஈரத் துணி வெச்சுத் துடைக்காதீங்க, தொடப்பம் மட்டும். ரெண்டு வருஷத்துல கம்மியாகும், கீழ ஒரு அடி பூச்சு அதுக்குள்ள தேஞ்சா அதை மட்டும் கொத்திட்டுத் திரும்பப் பூசிக்கலாம். படிக்கட்டு மூலைய மாசிக்கு நானே வந்து தட்டிப் பாக்கறேன். மிச்சம் சுண்ணாம்பு பேரல்ல இருக்கா?

திண்ணைவீடு — 15 டிசம்பர் 2024

முக்கால் பேரல் இருக்குங்க ஐயா, மேல தண்ணி நிக்குது.

கரண்டிக்காரர் — 16 டிசம்பர் 2024

தண்ணி வத்தாம பாத்துக்கங்க.